லேப்டாப்பை விட்டு வெளியே போகாத எண்

புது லேப்டாப்பை முதல்முறை ஆன் செய்ததும் விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்கும். கொடுத்து முடித்த கையோடு, ஒரு பின் நம்பரும் வைக்கச் சொல்லும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறியீடு எல்லாம் கலந்து நீளமாக ஒரு பாஸ்வேர்டு வைத்திருப்பவருக்கு இந்த இடத்தில் சந்தேகம் வருவது நியாயம். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பூட்டியதை வெறும் ஆறு இலக்கத்தில் திறக்கலாம் என்றால், முதல் பூட்டுக்கு என்ன அர்த்தம்?

பதில் அந்த எண்ணின் நீளத்தில் இல்லை, அது போகும் பாதையில் இருக்கிறது. 480273 என்று ஒருவர் வைத்தார் என்றே எடுத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

அந்த எண்ணை ஏற்பதற்கு முன்னால், வந்திருப்பவர் கணக்கின் சொந்தக்காரர்தானா என்று விண்டோஸ் உறுதி செய்துகொள்ளும். பாஸ்வேர்டு கேட்பது அதற்குத்தான். பிறகு மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்னும் பாதுகாப்பு சிப்புக்கு வேலை போகிறது. சில கணினிகளில் அது தனி சிப்பாக இல்லாமல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும். அங்கே ஒன்றோடொன்று ஜோடியான இரண்டு சாவிகள் உருவாகின்றன. பொதுச் சாவி மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போய்ப் பதிவாகிறது. ரகசியச் சாவியை அந்த ஒரு சிப்பைத் தவிர வேறு எதனாலும் பயன்படுத்த முடியாது. 480273 என்பது அந்த ரகசியச் சாவியை இயக்குவதற்கான அனுமதி, அவ்வளவுதான். அந்த எண் சர்வருக்குப் போவதே இல்லை.

மறுநாள் காலை அதே எண்ணை அடிக்கும்போதும் பயணம் மிகச் சிறியது. விசைப்பலகையிலிருந்து விண்டோஸ் வழியாக டிபிஎம் வரை. எண் சரியாக இருந்தால் சிப் தன் ரகசியச் சாவியை இயக்குகிறது. கணக்கோடு பேச வேண்டியிருந்தால், சர்வர் அந்த நேரத்துக்கென்று புதிதாக ஒரு தகவலை அனுப்பும். சிப் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும். தன்னிடம் இருக்கும் பொதுச் சாவியை வைத்து சர்வர் கையெழுத்தைச் சரிபார்க்கும். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டாலும் கிடைப்பது பழைய கையெழுத்து ஒன்றுதான்; அடுத்த முறைக்கு அது உதவாது.

பாஸ்வேர்டு அப்படியல்ல. அது சர்வர் வரை போயே ஆக வேண்டிய ரகசியம். போகிற வழி மறைகுறியாக்கப்பட்டதுதான் என்றாலும், மைக்ரோசாஃப்டின் பக்கம் மாதிரியே செய்யப்பட்ட போலிப் பக்கத்தில் அதை அடித்துவிட்டால் போதும். வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பவர் தன் கணினியிலிருந்தே உள்ளே வரப் பார்க்கலாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அங்கே தடுக்கலாம். இல்லையென்றால் மின்னஞ்சல் முதல் ஒன்டிரைவ் வரை அவர் கையில். அதே ஆள் 480273-ஐத் தெரிந்துகொண்டால்? இந்த லேப்டாப் கையில் இல்லாமல் அந்த எண்ணால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒருவர் தன் இரண்டு லேப்டாப்பிலும் ஒரே எண்ணை வைத்திருந்தாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு சாவிகள்.

இந்த எண்ணுக்கு எப்போதும் இந்தப் பலம் இருந்ததில்லை. 2012-இல் விண்டோஸ் 8-இல் பின் வந்தபோது, பாஸ்வேர்டையே கணினிக்குள் மறைத்து வைத்து, எண்ணை அடித்ததும் அதை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடாகத்தான் இருந்தது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோதான் சாவி ஜோடி முறையைக் கொண்டுவந்தது. அதிலும் டிபிஎம் இல்லாத பழைய கணினியில் சாவியைக் காப்பது மென்பொருள் மட்டுமே. அந்த டிஸ்க்கைப் பிரதி எடுத்துப்போய், எண்ணும் குட்டையாக இருந்தால், தடையில்லாமல் ஊகித்துப் பார்க்க வழி உண்டு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 கட்டாயம் என்று வைத்ததை நான் முழுமனதோடு வரவேற்பது இதனால்தான்.

இப்போது லேப்டாப் திருடு போகிறது. எடுத்தவர் முதலில் ஊகித்துப் பார்ப்பார். சில முறை தவறினால் A1B2C3 என்று அடித்துக் காட்டச் சொல்லும். விசை தானாக அமுங்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக. மேலும் தவறினால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். உண்மையான காவல் அதற்கும் கீழே, சிப்பில் இருக்கிறது. விண்டோஸ் வகுத்துள்ள கணக்குப்படி 32 தவறுகள் சேர்ந்தால் டிபிஎம் பூட்டிக்கொள்ளும். பிறகு கணினி ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு தவறை மன்னிக்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தக் கணக்கு அழியாது. ஆக, பூட்டிய பிறகு ஒரு நாளில் 144 முயற்சிகள்தான். நான்கு இலக்க எண் என்றால் பத்தாயிரம் வாய்ப்புகளையும் பார்த்து முடிக்கச் சுமார் 70 நாள். ஆறு இலக்கம் என்றால் 19 ஆண்டு. ஆனால் பூட்டுவதற்கு முன்பே 32 வாய்ப்பு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பிறந்த தேதி, வண்டி நம்பர், கல்யாண நாள் எல்லாம் அந்த 32-க்குள் அடங்கிவிடும்.

பலரும் ஏமாந்துபோவது இதற்கு அடுத்த படியில். திருடியவர் ஊகிப்பதை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டுகிறார். அங்கே 480273-ஐ யாரும் கேட்கப்போவதில்லை. பின் காப்பது சாவியை, கோப்புகளை அல்ல. டிஸ்க் மறைகுறியாக்கப்படாமல் இருந்தால் போட்டோ, ஆதார் நகல், அலுவலகக் கோப்பு எல்லாம் அப்படியே திறக்கும். அதைத் தடுப்பது பிட்லாக்கர், அல்லது ஹோம் பதிப்பில் வரும் அதன் எளிய வடிவமான Device encryption. இது நம் கணினியில் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடிக்க வேண்டும்:

```
manage-bde -status C:
```

வரும் பதிலில் Protection Status என்ற வரியைப் பாருங்கள். Protection On என்று இருந்தால் கழற்றிய டிஸ்க் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சில கணினிகளில் 100% மறைகுறியாக்கம் முடிந்தது என்று காட்டும், ஆனால் கீழே Protection Off என்றிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கில் மட்டும் ஓடும் கணினிகளில் இதைப் பார்க்கலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, ஆனால் பூட்டைத் திறக்கும் சாவியும் அதே டிஸ்க்கில் மூடாமல் கிடக்கிறது என்று பொருள்.

பின் அடியோடு தோற்கும் இடம் ஒன்று உண்டு. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் விரல் போகும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு லேப்டாப்பையும் தூக்கிச் சென்றால், அவர்தான் நீங்கள். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், விண்டோஸ் ஹலோவில் வைத்த பாஸ்கீகளும் அதே எண்ணுக்குத் திறக்கும். பாஸ்வேர்டு மாறினாலும் பின் மாறாது, இரண்டும் தனித்தனி. எண்ணைப் பார்த்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் லேப்டாப் கையில் இருக்கும்போதே எண்ணை மாற்றிவிட வேண்டும். Settings பகுதியில் Accounts, அதற்குள் Sign-in options என்று போனால் எண்ணில் எழுத்தும் குறியும் சேர்க்கவும் வழி இருக்கிறது.

இந்த எண்ணின் ஆயுள் சிப்பின் ஆயுள்தான். பயாஸில் டிபிஎம்மை அழித்துவிட்டாலோ, பழுதான மதர்போர்டை மாற்றினாலோ, அடுத்த முறை "Something happened and your PIN isn't available" என்று வந்து நிற்கும். எண்ணை மறந்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப அடிப்பதில் பயனில்லை. எண் சரிதான், அது இயக்க வேண்டிய சாவிதான் போய்விட்டது. புதிய சாவி உருவாக்கக் கணக்கின் சொந்தக்காரர் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் பின் மட்டுமே அடித்துப் பழகியவருக்குப் பாஸ்வேர்டு நினைவில் இருக்காது என்பதுதான் அப்போது வரும் சிக்கல். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கும் முன்னால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கிய கணினிகளில் அது பொதுவாக aka.ms/myrecoverykey முகவரியில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்கவும் அதே கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும். மதர்போர்டு வேலைக்கு லேப்டாப்பைக் கொடுக்கும் முன், வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ அந்தக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்த்து, 48 இலக்கங்களையும் தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் அல்லாமல் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.