முன்பணம் யாருக்குச் சேரும்? கிரய ஒப்பந்தத்தில் பறிமுதல் உரிமை வளர்ந்த வரலாறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எழுதப்படும் கிரய ஒப்பந்தங்களில், கெடுவுக்குள் பாக்கியைச் செலுத்திக் கிரயம் முடித்துக்கொள்ளாவிட்டால் கொடுத்த முன்பணம் முழுவதையும் வாங்குபவர் இழக்க வேண்டும் என்ற வாசகம் வழக்கமாக இடம்பெறும். இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட்டதால் அந்த வாசகமே முடிவானது என்று பலரும் நம்புகிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுச் சட்ட வரலாறு அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. கொடுத்த தொகை எதற்காகக் கொடுக்கப்பட்டது, ஒப்பந்தம் யாருடைய தவறால் முறிந்தது, அதனால் உண்மையில் என்ன நட்டம் ஏற்பட்டது என்ற மூன்று கேள்விகளே முன்பணத்தின் கதியைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககாலச் சட்டம் விற்பவர் பக்கமே சாய்ந்திருந்தது. 1884-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹோவ் – ஸ்மித் வழக்கில், அச்சாரப் பணம் என்பது பேச்சு மாறாமைக்கான பிணை என்று விளக்கியது. கிரயம் முடிந்தால் அது விலையில் கழியும். வாங்குபவர் தவறினால் விற்பவருக்கே போகும். இந்தியாவிலோ 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை குறித்திருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெற முடியாது என்று வரம்பு கட்டியிருந்தது. 1899-இல் வந்த திருத்தம், தண்டம் என்ற தன்மையுள்ள வேறு எந்த நிபந்தனைக்கும் அந்த வரம்பை விரித்தது. ஆனாலும் ஏற்கெனவே கைமாறிவிட்ட பணத்துக்கு இப்பிரிவு பொருந்தாது என்ற கருத்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் நடேச அய்யர் – அப்பாவு படையாச்சி வழக்கு போன்ற தீர்ப்புகளால் வலுப்பெற்றது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்களும் அந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருந்தன. 1926-இல் வெளியான சிரஞ்சித் சிங் வழக்கின் தீர்ப்பில் பிரிவி கவுன்சிலும் அச்சாரம் பறிமுதலாகும் என்ற விதியையே உறுதிசெய்தது.

திருப்பம் 1963-இல் வந்தது. ஃபதே சந்த் – பால்கிஷன் தாஸ் வழக்கில் டில்லி பங்களா ஒன்றின் விலை 1,12,500 ரூபாய். 1949 மார்ச் மாதம் வாங்குபவர் முதலில் 1,000 ரூபாயை அச்சாரமாகக் கொடுத்தார். சில நாட்களில் சுவாதீனம் பெற்றபோது மேலும் 24,000 கொடுத்தார். அவர் தவறினால் 25,000 ரூபாயும் பறிமுதல் என்பது நிபந்தனை. கிரயம் நடக்கவில்லை. ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அத்தொகையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. 1,000 ரூபாய் அச்சாரம் என்பதால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம். 24,000 ரூபாய் விலையின் ஒரு பகுதி என்பதால் 74-ஆம் பிரிவுக்கு உட்படும். சுவாதீனம் கையில் இல்லாத காலத்து இழப்பைத் தவிர வேறு நட்டத்தை விற்பவர் நிரூபிக்காததால், அந்த 24,000 ரூபாயை அவர் பறிமுதல் செய்ய முடியவில்லை. கைமாறிய பணமும் வரம்புக்குள் வரும் என்று முடிவானதால், சென்னைத் தீர்ப்பின் பழைய வழி அடைபட்டது.

அடுத்து எழுந்தது அச்சாரத்துக்கே வரம்பு உண்டா என்ற கேள்வி. 1969-இல் மௌலா பக்ஸ் வழக்கு, நியாயமான அளவிலான அச்சாரத்தைப் பறிமுதல் செய்வது தண்டமாகாது என்று ஒரு கோடு போட்டது. அதே ஆண்டு ஹனுமான் காட்டன் மில்ஸ் வழக்கில் 10 லட்சம் ரூபாய் விலையில் 2,50,000 ரூபாய் அச்சாரம் பறிபோனது செல்லும் என்று தீர்ப்பானது. 2015-இல் கைலாஷ் நாத் வழக்கு, ஒப்பந்தப்படி நடக்கும் அச்சாரப் பறிமுதலுக்கும் 74-ஆம் பிரிவு பொருந்தும், நட்டமே இல்லாதபோது இழப்பீடும் இல்லை என்றது. ஆனால் 2025 மே மாதம் கே.ஆர். சுரேஷ் – பூர்ணிமா வழக்கில், 55,50,000 ரூபாய் விலைக்குக் கொடுத்த 20 லட்சம் ‘அட்வான்ஸ்’ என்று எழுதப்பட்டிருந்தும், நிபந்தனைகளைப் பார்த்து அது அச்சாரமே என்று முடிவுசெய்து பறிமுதலை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்தத் தொகை பிணையாக நின்றதா என்பதே முக்கியம் என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது.

இந்த விதிகளை உள்ளூர் நிலத்தில் பொருத்திப் பார்ப்போம். வேப்பந்தட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் பருத்திக் காட்டுக்கு 20 லட்சம் விலை பேசப்பட்டதாகக் கொள்வோம். ஒப்பந்த நாளில் அச்சாரம் 2 லட்சம்; இரண்டு மாதம் கழித்து விலைக்கணக்கில் 6 லட்சம். கெடு முடிந்தும் வாங்குபவர் பாக்கியைப் புரட்டவில்லை. விற்பவர் அதே நிலத்தை வேறொருவருக்கு 18 லட்சத்துக்கு விற்றால், அவருடைய 2 லட்ச நட்டம் அச்சாரத்திலேயே ஈடாகிவிடும். 6 லட்சத்தைத் திருப்ப வேண்டும். 15 லட்சத்துக்குத்தான் போனது என்றால் 5 லட்சத்தை எடுத்துக்கொண்டு 3 லட்சத்தைத் திருப்ப வேண்டும். 22 லட்சத்துக்குப் போனால் நட்டமே இல்லை. அப்போது 6 லட்சத்தைப் பிடித்துவைக்க வழியில்லை. 2 லட்சம் மட்டும், மௌலா பக்ஸ் தீர்ப்பைப் பின்பற்றினால் விற்பவரிடம் நிற்கும்; கைலாஷ் நாத் தீர்ப்பைக் கொண்டு அதையும் எதிர்த்து வாதிடலாம்.

தவறு விற்பவர் பக்கம் என்றால் கணக்கே தலைகீழாகும். சகோதரிகளின் பங்கை மறைத்துத் தனிப்பட்டா என்று சொல்லி விற்பது, வங்கிக் கடனை வில்லங்கச் சான்றில் தெரியாமல் மறைப்பது, ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் போன்ற நில எடுப்பு நடவடிக்கையில் சிக்கிய நிலத்தைச் சொல்லாமல் பேசி முடிப்பது ஆகியவை வாங்குபவர் விலகிக்கொள்ள நியாயமான காரணங்கள். அப்போது அச்சாரம் உட்பட எல்லாப் பணமும் திரும்ப வேண்டும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அந்தத் தொகைக்கு அந்த நிலத்தின் மீதே பொறுப்பு உரிமையைத் தருகிறது; விற்பவர் வழியாக உரிமை பெறுபவர்களையும் அது கட்டும்.

பறிமுதலுக்கு இப்படி வரம்பு கட்டுவதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். மாதக்கணக்கில் நிலத்தை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததற்குக் கூலி வேண்டாமா என்பது ஒன்று. வேண்டும், நியாயமான அச்சாரம் அதற்காகவே இருக்கிறது. அதற்கு மேல் கேட்பவர் மறுவிற்பனைப் பத்திரத்தையோ சந்தை விலையையோ காட்டி நட்டத்தை நிரூபிக்கட்டும். மனமொத்து எழுதியதை நீதிமன்றம் திருத்தலாமா என்பது மற்றொன்று. இது கேட்பதற்கு வலுவாகத் தோன்றும். ஆனால் நம் பகுதியில் கடனுக்கு ஈடாகவும் கிரய ஒப்பந்தம் எழுதி வாங்கப்படுகிறது. விலையில் பெரும்பகுதி முன்பணம், சொற்பப் பாக்கி, மூன்று ஆண்டுக் கெடு என்றிருந்தால் அது விற்பனைப் பேச்சா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் நீதிமன்றம் இத்தகைய பத்திரத்தில் ஏமாந்துவிடும்.

ஆகவே பத்திரம் எழுதும்போதே அச்சாரம் எவ்வளவு, விலையின் பகுதி எவ்வளவு என்று தனித்தனியாகக் குறிப்பது இரு தரப்புக்கும் காப்பு. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தப் பதிவு கட்டாயம் என்பதால் அந்தப் பிரிப்புக்குப் பதிவுச் சான்றும் கிடைக்கும். வழக்குத் தொடுக்கும் வாங்குபவர், ஏற்றதை ஆற்றும் பரிகாரத்தோடு, அது கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுப் பரிகாரத்தையும் தனியே கேட்க வேண்டும். குறித்த பரிகாரச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கேட்காத அந்தப் பரிகாரத்தை வழங்கத் தடை செய்கிறது. விடுபட்டிருந்தால் வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தம் கோரிச் சேர்க்க இடமும் தருகிறது. சுரேஷ் வழக்கில் அந்தக் கோரிக்கை இல்லாததும் வாங்குபவருக்குப் பாதகமானது.