368 நாள் கணக்கு: சிட்னி ஒலிம்பிக் இணையதளமும் ஆல்ட் டெக்ஸ்ட்டும்

இன்னைக்கு நாம பேசப்போறது மூணே எழுத்துள்ள ஒரு எச்டிஎம்எல் சொல்லைப் பத்தி. `alt`. ஒரு படத்துக்குப் பின்னால நாம எழுதி வைக்கிற விவரம் இது. கண் தெரியாதவங்க கணினியில ஸ்க்ரீன் ரீடர் அதை வாசிச்சுக் காட்டும், இல்லைன்னா பிரெய்ல் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும். இந்த மூணு எழுத்துக்காக ஒரு ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவே விசாரணையில் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இது.

முதல்ல கொஞ்சம் பின்னால போவோம். 1993 பிப்ரவரி 25. மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், வலைப்பக்கத்துக்குள்ளேயே படம் காட்ட `IMG` என்று ஒரு குறி இருக்கலாம் என்று எழுதுகிறார். அவர் சொன்ன வடிவத்தில் `SRC` மட்டும்தான் இருந்தது, அதாவது படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி. படம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் இடமில்லை.

ஆனால் அன்றைக்கு லின்க்ஸ் போல எழுத்து மட்டுமே காட்டுகிற உலாவிகளும் புழக்கத்தில் இருந்தன. 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 வெளியானபோது, படத்துக்குப் பதிலாகக் காட்ட வேண்டிய எழுத்து என்று `ALT` அதில் இடம்பெற்றது. வேண்டுமானால் எழுதலாம், கட்டாயமில்லை. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0தான் அதைக் கட்டாயமாக்கியது. 1999 மே 5 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதில் முதல் விதியே இதுதான்: எழுத்தல்லாத எதற்கும் இணையான எழுத்து வேண்டும்.

அதற்கு அடுத்த மாதமே, ஜூன் 7 அன்று, ஆஸ்திரேலியாவில் புரூஸ் மகுவையர் என்பவர் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பிரெய்ல் புள்ளிகள் எழும்பி இறங்கும் கருவி வழியாக இணையத்தை வாசித்துவந்தவர். சிட்னி ஒலிம்பிக் தளத்தைப் பற்றி அவர் சொன்ன குறைகள் மூன்று. படங்களுக்கும் படவடிவ இணைப்புகளுக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் இல்லை. போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை. முடிவுகள் வரும் அட்டவணைகளை வாசிக்க முடியவில்லை.

இதுல முதல் குறையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். ஒரு விளையாட்டுத் தளத்துல ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சின்னப் படம், அதைச் சொடுக்கினா அந்தப் பக்கம் திறக்கும்னு வச்சுக்குங்க. உதாரணத்துக்கு நானே எழுதினது இது:

```html
<a href="/sports/ar/"><img src="ar_01.gif"></a>
```

பார்க்கிறவருக்கு வில்லும் அம்பும் தெரியும். ஸ்க்ரீன் ரீடருக்கு என்ன கிடைக்கும்? `alt` இல்லாததால அது கையில கிடைச்சதை வாசிக்கும்: "இணைப்பு, ஏஆர் பூஜ்யம் ஒன்று". இல்லைன்னா முகவரியை எழுத்தெழுத்தாக. இப்படி இருபத்தெட்டு விளையாட்டுக்கு இருபத்தெட்டு தடவை கேட்டா, எது வில்வித்தை, எது நீச்சல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கே படம் வெறும் அலங்காரம் இல்லை. அதுதான் கதவு. கதவு மேல பேர் எழுதலை.

சரி, என்ன எழுதணும்? "வில்லை வளைக்கும் மனித உருவம்" என்று எழுதினால் படத்தைச் சரியாகச் சொன்ன மாதிரி இருக்கும், ஆனால் பயன் குறைவு. இணைப்பு எங்கே கொண்டுபோகும் என்பதுதான் கேட்கிறவருக்கு வேண்டியது. அதனால் `alt="வில்வித்தை"`. அவ்வளவுதான்.

அதே படம் உள்ளே, வில்வித்தைப் பக்கத்தில், "வில்வித்தை" என்ற தலைப்புக்குப் பக்கத்தில் இருந்தால்? அங்கேயும் அதையே எழுதினால் ஒரே சொல் ரெண்டு தடவை கேட்கும். அங்கே `alt=""` என்று காலியாக விட வேண்டும். காலியாக விடுவதும், எழுதாமலே விடுவதும் ஒன்றில்லை. காலியாக விட்டால் ஸ்க்ரீன் ரீடர் பேசாமல் தாண்டிப் போகும். எழுதாமல் விட்டால் கோப்பின் பெயரைப் பிடித்துக்கொள்ளும்.

செய்திப் படம் என்றால் கதை வேறு. அந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கேத்தி ஃப்ரீமன், ஓடி முடித்ததும் ஓடுதளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படத்துக்கு "கேத்தி ஃப்ரீமன்" என்று மட்டும் போட்டால் போதாது. "பந்தயம் முடிந்ததும் ஓடுதளத்தில் உட்கார்ந்திருக்கும் கேத்தி ஃப்ரீமன்" என்றால், பார்க்கிறவர் அறிந்ததைக் கேட்கிறவரும் அறிவார். அவர் தங்கம் வென்றதை கீழே உள்ள செய்தியே சொல்லும். அதைப் படத்தில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இனி விசாரணைக்கு வருவோம். ஏற்பாட்டுக் குழுவின் வாதம் செலவைப் பற்றியது. சட்டப்படி, தாங்க முடியாத சிரமம் என்றால் விலக்கு உண்டு. தளத்தைச் சரிசெய்ய ஒரு ஆள் தினம் 8 மணி நேரம் உழைத்தாலும் 368 நாள் ஆகும் என்றார்கள். முடிவு அட்டவணைகளுக்கு மட்டும் 1295 வார்ப்புருக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரம் என்று கணக்குக் காட்டினார்கள். விளையாட்டுப் பட்டியலுக்கு வழி இல்லையே என்றதற்கு, ஒவ்வொரு விளையாட்டின் முகவரியையும் தட்டச்சு செய்து போகலாமே என்றார்கள். அந்த முகவரி மகுவையருக்கு எப்படித் தெரியும்?

மகுவையர் தரப்பில் டாம் வொர்திங்டன், யுட்டா ட்ரெவிரானஸ் என்ற இரண்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். வார்ப்புருக்கள் சொல்லப்பட்டதைவிட மிகக் குறைவு, ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரம் தேவையே இல்லை என்றார்கள். அனுபவமுள்ள ஒருவரும் ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட குழுவும் இருந்தால் நான்கு வாரத்தில் முடியும் என்பது அவர்கள் கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அட்டவணைப் பிரச்சினை ஆல்ட் டெக்ஸ்ட்டால தீராது. "49.11" என்ற எண் வாசிக்கப்படும்போது அது யாருடைய நேரம் என்று தெரிய, வரிசைக்கும் பத்திக்கும் தலைப்பு குறிக்கப்பட்டிருக்கணும். அதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. படத்துக்குப் பெயர் எழுதுவது அப்படியில்லை. பக்கத்தை உருவாக்கும்போதே எழுதினால் சில வினாடி. எல்லாம் கட்டி முடித்தபின் தேடித்தேடி எழுதும்போதுதான் அது நாள் கணக்காகிறது.

2000 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு வந்தது. தாங்க முடியாத சிரமம் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. செப்டம்பர் 15க்குள், அதாவது தொடக்க விழா நாளுக்குள், மூன்று குறைகளையும் சரிசெய்யச் சொன்னார்கள். போட்டிகள் முடிந்தபிறகு பார்த்தால், உத்தரவு ஓரளவுக்குத்தான் நிறைவேறியிருந்தது. நவம்பரில் மகுவையருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் அவர் கேட்டது ஒலிம்பிக் நடக்கும்போது அதைத் தொடர்ந்து வாசிப்பதற்கு. அந்த இரண்டு வாரம் திரும்ப வராது.

உங்க தளத்தைச் சோதிச்சுப் பார்க்க ஒரு பழைய வழி இருக்கு. பக்கத்தை ஃபோன்ல ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி நினைச்சுக்குங்க. படம் வர்ற இடத்துல என்ன சொல்வீங்களோ, அதுதான் `alt`. எதுவும் சொல்லாம தாண்டிப் போவீங்கன்னா, அங்கே காலி மேற்கோள் குறி.