நிர்வாகப் படிநிலைப் பட்டியல்

நிர்வாகப் படிநிலைப் பட்டியல் என்பது, ஓர் அமைப்பில் யார் யாருக்குக் கீழ் பணியாற்றுகிறார் என்று உரைநடையில் உள்ள விவரத்தை, உள்தள்ளிய வரிகளாக மாற்றி எழுதும் ஆவணம். ஒரு வரிக்கு ஒரு பதவி. ஒவ்வொரு பதவியும் தன் மேலதிகாரியின் வரிக்குக் கீழே ஒரு படி உள்ளே தள்ளி நிற்கும். அமைப்பு வரைபடம் இதே விவரத்தைப் படமாகக் காட்டும். 1855இல் டேனியல் மெக்காலம் நியூயார்க்–ஈரி இரயில்வேக்கு உருவாக்கியது தொடக்ககால வரைபடங்களுள் ஒன்று.

முறை: உரையிலிருந்து முதலில் ‘பணியாளர் – மேலதிகாரி’ இணைகள் பிரித்தெடுக்கப்படும். எந்த இணையிலும் பணியாளராக வராத பதவியே தலைமை. அதிலிருந்து ஒவ்வொரு கிளையும் முழுமையாக இறக்கி எழுதப்பட்ட பிறகே அடுத்த கிளை தொடங்கும். தமிழக வருவாய்த் துறையின் ஒரு பகுதி எடுத்துக்காட்டு:

```
கோட்டாட்சியர்
  வட்டாட்சியர்
    தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர்
    மண்டலத் துணை வட்டாட்சியர்
      வருவாய் ஆய்வாளர்
        கிராம நிர்வாக அலுவலர்
```

சரிபார்ப்பு: இணைகளின் எண்ணிக்கை பதவிகளைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும், மேலே 6 பதவிகள், 5 இணைகள். இரு தலைமைகள் தோன்றினால் ஓர் இணை விடுபட்டிருக்கும். ‘அவருக்குக் கீழ்’ போன்ற தொடர்களில் ‘அவர்’ யார் என்பது தெளிவில்லாதபோது ஒரு கிளை தவறான இடத்தில் சேரும்.

வரம்பு: இரு மேலதிகாரிகள் உள்ள பதவியை இப்பட்டியல் முழுமையாகக் காட்டாது. முதன்மை மேலதிகாரியின் கீழ் அதை எழுதி, மற்றவரை அடைப்புக்குறிக்குள் குறிப்பது வழக்கம்.