ஊவாத் தோட்டங்களில் வீட்டுத் திரைப் பாடங்கள்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், குறிப்பாகத் தேயிலைத் தோட்டங்களில், வீட்டிலிருக்கும் மாணவருக்காக வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பின்னர் இணையத்திலும் பாடங்கள் வழங்கப்பட்ட வரலாறு இது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 1,50,000 மலையகத் தமிழர் வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கான பாடங்கள் கொழும்பிலும் மகரகமையிலும் தயாராயின. அவை பசறைக்கும் லுணுகலைக்கும் ஹப்புத்தளைக்கும் மலைகளைத் தாண்டி வரவேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் எது எங்கே நின்றுபோனது என்பதே இந்த வரலாற்றில் முக்கியமாக அறியவேண்டியது.

தாளில் தொடங்கிய தொலைக்கல்வி

தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. அதுவரை ஒரே மண்டபத்தில் ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு கற்பித்த இடங்களே பெரும்பாலானவை. அரசு பொறுப்பேற்றதும் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களில் பலர் பயிற்சி பெறாதவர்கள். எல்லோரையும் பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்பிவிட்டால் பாடசாலையை நடத்த ஆளிருக்காது. எனவே 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் தொலைக்கல்வி வழியில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தபின் இப்பணி அதன் கைக்கு வந்தது. அச்சிட்ட பாட அலகுகள் ஆசிரியரின் வீட்டுக்கு வரும். அவர் படித்து ஒப்படைகளை எழுதி அனுப்புவார். விடுமுறை நாட்களில் நிலையமொன்றில் கூடிச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வார். 1980 இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் இதே அடிப்படையில்தான் இயங்கியது. அதன் நிலையமொன்று பதுளையிலும் இயங்குகிறது.

ஊவாவின் முதல் தலைமுறைத் தொலைக்கல்வி மாணவர்கள் பிள்ளைகள் அல்லர், அவர்களுடைய ஆசிரியர்களே. அந்த முறை தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பாடம் தாளில் இருந்ததுதான். மின்சாரம் இல்லாத அறையில் குப்பி விளக்கு வெளிச்சத்திலும் அதைப் படிக்கலாம். விளங்காத பக்கத்துக்குத் திரும்பிப் போகலாம். பின்னால் வந்த ஒளிபரப்புப் பாடங்களுக்கு இந்த இரண்டு வசதிகளுமே இல்லை.

வானொலியும் ரூபவாஹினியும்

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கல்விச் சேவை பாடசாலைகளை மனத்தில் வைத்து உருவானது. வகுப்பறையில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கும், ஆசிரியர் அருகில் இருந்து விளக்குவார் என்ற எண்ணத்திலேயே அப்பாடங்கள் எழுதப்பட்டன. வீட்டில் தனியே கேட்கும் பிள்ளைக்கு அவை பாதிப் பாடம்தான். பதுளை மாவட்டத்திலேயே மகாவலிக் குடியேற்றப் பகுதியான கிராந்துருகோட்டையில் 1980களில் சமுதாய வானொலி இயங்கத் தொடங்கியது. குடியேறிய விவசாயிகளின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பேசவைத்த முயற்சி அது. தோட்ட மக்களுக்கென்று அப்படியொன்று அப்போது அமைக்கப்படவில்லை. ஒரே மாவட்டத்துக்குள் இருந்த இந்த வேறுபாட்டைப் பதிவு செய்தாகவேண்டும்.

1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மைப் பரப்பிக் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான, 2,524 மீட்டர் உயரப் பீதுருதாலகாலையில் நிறுவப்பட்டது. அங்கிருந்து பதுளை நகரம் நேர்கோட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் தொலைக்காட்சி அலை ஒளியைப்போல ஏறக்குறைய நேராகவே செல்வது. இடையில் மலை வந்தால் அதன் மறுபுறம் நிழல் விழும். பதுளைக்குக் கிழக்கே 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது நமுனுகுலை. அந்த மலைத்தொடருக்கு அப்பால் பசறைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்களுக்கு மேற்கிலிருந்து வரும் அலை நேராகக் கிடைப்பதில்லை. துணைப் பரப்பிகள் வைத்தாலும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று வைக்க முடியாது.

லயத்துக் கூரையில் மூங்கில் கட்டி அன்டனாவை ஏற்றி, ஒருவர் மேலே நின்று திருப்ப மற்றவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்த காலத்தை மலையகத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் நன்கு அறிவார்கள். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் திரையில் ஒவ்வொரு உருவத்தின் பக்கத்திலும் மங்கலான இன்னொரு உருவம் தெரியும். படம் பார்க்க அது பெரிய இடைஞ்சல் அல்ல. ஆனால் கணிதப் பாடத்தில் ஒரு குறைக் குறி புள்ளி மழையில் மறைந்தால் சமன்பாடே மாறிவிடும். அத்தோடு, 1980களில் மின்சாரமே இல்லாத லயங்கள் ஏராளம். இருந்த ஓரிரு பெட்டிகள் கார் பட்டரியில் ஓடின. பட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றவேண்டியிருந்ததால், அந்த மின்சாரத்தைப் பகல்நேரப் பாடத்துக்குச் செலவிட எவரும் துணியவில்லை.

பின்னாளில் செய்மதி டிஷ் இந்த நிழலை உடைத்தது. அலை வானத்திலிருந்து இறங்குவதால் நடுவில் நிற்கும் மலை பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. 2000த்துக்குப் பின் லயத்துக் கூரைகளில் அன்டனாவுக்குப் பதிலாக டிஷ்கள் பெருகின. டயலொக் நிறுவனத்தின் ‘நேனச’ கல்வி அலைவரிசையும் செய்மதி வழியாகவே வந்தது. அன்டனாவிலிருந்து தப்பிய குடும்பம் இனி மாதாந்த ரீலோடை நம்பியிருந்தது. பணம் கட்டாத மாதத்தில் பாடமும் நிற்கும்.

2020: ‘குரு கெதர’

கொவிட் தொற்றினால் 2020 மார்ச் 13 முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த மாதமே கல்வி அமைச்சின் ‘குரு கெதர’ பாடங்கள் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் இரு அலைவரிசைகளில் வரத் தொடங்கின. சிங்களப் பாடங்கள் ‘சேனல் ஐ’யிலும் தமிழ்ப் பாடங்கள் ‘நேத்ரா’விலும் வந்தன. தமிழ்மொழி மாணவருக்குத் தனி அலைவரிசையில் நேரம் கிடைத்தது பெரிய காரியம். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆளில்லாத ஊவாத் தோட்டப் பாடசாலைகள் பல. அங்கே படித்த பிள்ளைகளில் சிலர் ஒரு பாடத்துக்குத் தேர்ச்சி பெற்ற ஆசிரியரை முதன்முதலாகக் கண்டது அந்தத் திரையில்தான்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்த்தால் இதன் பலமும் எல்லையும் புரியும். தரம் 11 கணிதத்தில் இருபடிச் சமன்பாடு நடக்கிறது என்று கொள்வோம். பாடத்திட்டத்தின் அலகைப் பார்த்து ஆசிரியர் குறிப்புத் தயாரிக்கிறார். படப்பிடிப்புக் கூடத்தில் கெமராவைப் பார்த்துக் கற்பிக்கிறார். படிகள் திரையில் ஒவ்வொன்றாக வருகின்றன. காரணிப்படுத்தும் படியில் வகுப்பறை ஆசிரியர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். கெமராவுக்கு முகம் இல்லை. பாடம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தாகவேண்டும். இரண்டாம் படியில் தவறவிட்ட மாணவிக்கு மூன்றாம் படி முதல் எல்லாமே வெறும் எழுத்து. எழுத்தும் சிறிதாக இருந்தால், அறையின் மறுகோடியில் இருக்கும் பழைய 14 அங்குலப் பெட்டியில் அதை வாசிக்கவே முடியாது. நல்ல பாடத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. எழுதி முடிக்க நேரம் விட்டு ஆசிரியர் மௌனமாக நிற்பார். முக்கிய வரி திரையில் தங்கும். முடிவில் பயிற்சிக் கணக்கு இருக்கும்.

இதற்கு மேல் வீட்டின் கணக்கு வேறு. லயன் காம்பராவில் ஒரு டிவி. மூன்று பிள்ளைகள் மூன்று தரங்களில். தரம் 5 புலமைப்பரிசில் எழுதவேண்டிய தம்பியும் சாதாரண தரம் எழுதவேண்டிய அக்காவும் ஒரே பெட்டிக்கு முன்னால். அம்மா காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டால் சிறியவனை உட்காரவைக்க ஆளில்லை. ஆசிரியரின் முன்னிலையை நம்பித் தயாரிக்கப்பட்ட வானொலிப் பாடத்தின் பழைய குறை இங்கே தாயின் முன்னிலையை நம்பிய குறையாகத் திரும்பி வந்தது. 2020 இல் புலமைப்பரிசில் பரீட்சை ஒக்டோபர் 11 ஆம் திகதியும், உயர்தரம் அதற்கு மறுநாள் தொடங்கியும் நடந்தன. சாதாரண தரம் 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. திரையில் படித்தவரும் திரையே இல்லாதவரும் ஒரே வினாத்தாளை எழுதினார்கள்.

சிக்னல் தேடிய மலைகள்

இணையப் பாடங்களுக்குக் கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளம் இருந்தது. அதைக் கட்டணமின்றிப் பார்க்கவும் தொலைபேசி நிறுவனங்கள் வழிசெய்தன. ஆனால் 2021 இல் பாடசாலைகள் மறுபடி நீண்டகாலம் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பும் ஸூமும்தான் நடைமுறை வகுப்பறையாயின. அவற்றுக்கு டேட்டா வேண்டும். டேட்டாவுக்கு முன்னால் ஸ்மார்ட்போன் வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் வர்த்தமானியில் வெளியான தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமே 1,000 ரூபா.

எல்லாம் இருந்தாலும் சிக்னல் இல்லாத இடம் ஒன்றை உலகமே பார்த்தது. லுணுகலைப் பகுதியிலுள்ள பொஹிடியாவ என்ற கிராமத்தில் ஓர் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையுச்சிப் பாறையொன்றில் ஏறி அங்கே கிடைத்த சிக்னலில் பாடங்களை அனுப்பியதும் பெற்றதும் 2021 இல் சர்வதேசச் செய்திகளில் வெளிவந்தன. அது சிங்களக் கிராமம். நமுனுகுலைக்குக் கிழக்கே மலை விழுத்தும் நிழல் மொழி பார்ப்பதில்லை. நாட்டின் சுமார் 43 லட்சம் மாணவரில் 40 வீதமானோர் மட்டுமே இணைய வகுப்புகளில் சேர முடிகிறது என்று அப்போது இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் கூறினார். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையக் கற்பித்தலிலிருந்து விலகியதும் அந்த வழியும் மாதக்கணக்கில் அடைபட்டது. 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் அந்த ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதியே திறந்தன.

இந்த இடைவெளியில் மலையகத்தில் நிலைத்து நின்றது அச்சிட்ட செயலட்டை. ஆசிரியர்கள் சொந்தச் செலவில் போட்டோகொப்பி எடுத்து, லயத்துக்கு வந்து கொடுத்து, அடுத்த முறை வரும்போது திருத்தி வாங்கிப்போனார்கள். 1980களில் அவர்களுடைய மூத்தவர்கள் பயிற்சி பெற்ற முறையும் இதுவே. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமலானபோது திரையும் போனும் அணைந்தன, தாள் அணையவில்லை.

ஒளிபரப்பைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழில் உயர்தரமான பாடமொன்று மலையின் மறுபுறம் போய்ச் சேர்ந்தது ‘நேத்ரா’வால்தான். ஆனால் திரையில் வரும் பாடத்தின் சுருக்கமும் பயிற்சியும் முன்கூட்டியே பிள்ளையின் கையில் தாளாக இருந்திருந்தால், சிக்னல் போனாலும் பாடம் போயிருக்காது. அடுத்த முறை பாடசாலைக் கதவு மூடப்படும்போது கல்வி அமைச்சும் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களமும் ஒளிபரப்பு நேர அட்டவணையோடு செயலட்டைக் கட்டையும் தோட்டத்துக்கு அனுப்பவேண்டும்.