ஐ.வி.எஃப் சிகிச்சை: தினமும் ஊசி எதற்கு? 'வெற்றி விகிதம்' உண்மையில் எதைச் சொல்கிறது?

பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அக்காவுக்கு 36 வயது, மாமா ஆலையில் ஷிப்ட் வேலை. திருமணமாகி ஆறு வருடம். கோலாலம்பூர் கிளினிக்கில் டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டார். வெளியே வந்ததும் அக்கா உங்களைப் பார்த்துக் கேட்கிறார்: "டாக்டர் என்னடா சொன்னாரு? எங்களுக்கு நடக்குமா, நடக்காதா?"

இது ஒரு கற்பனைத் தம்பதிதான். ஆனால் இரண்டு மொழி தெரிந்த பிள்ளை குடும்பத்துக்கே மொழிபெயர்ப்பாளர் ஆவது நெகிரி செம்பிலான் தோட்டங்களில் புதிதல்ல. நாளை நீங்களே அந்த இடத்தில் உட்கார வேண்டி வரலாம். அப்போது என்ன சொல்வீர்கள்?

முதல் பரிசோதனை யாருக்கு?

இருவருக்கும்தான். 35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லையென்றால் டாக்டரைப் பார்க்கலாம். விந்துப் பரிசோதனை ஊசியில்லாதது, செலவும் குறைவு. ஆனாலும் பல வீடுகளில் அக்காவை எல்லாச் சோதனைக்கும் அனுப்பிவிட்டு, மாமாவைக் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அதனால் "மாமா, உங்க டெஸ்ட்டையும் இப்பவே கொடுத்துட்டா ரெண்டு பேருக்கும் அலைச்சல் குறையும்" என்று சொல்லிப் பாருங்கள். பழி யார்மேலும் விழாது.

தினமும் ஊசி எதற்கு?

1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன்தான் உலகின் முதல் ஐ.வி.எஃப் குழந்தை. அவருடைய தாய்க்கு முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஊசி அந்தச் சுழற்சியில் தரப்படவில்லை. இயற்கையாக வளர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்தே கரு உருவாக்கினார்கள். அந்த ஒரு முட்டை வீணாகியிருந்தால் அந்த மாதம் முழுவதும் வீண். இன்றைய ஊசிகள் அந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைப் பைகள் வளரத் தொடங்கும். உடல் ஒன்றை மட்டும் முழுதாக வளர்த்துவிட்டு மற்றவற்றைச் சுருங்க விடும். எஃப்.எஸ்.எச் என்ற ஹார்மோனைக் கூடுதலாகக் கொடுத்தால், சுருங்கவிருந்த பைகளும் சேர்ந்து வளரும். "ஊசி போட்டா முட்டையெல்லாம் சீக்கிரம் தீர்ந்துடுமா?" என்று அக்கா கேட்டால், தீராது என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த மாதம் எப்படியும் வீணாகப் போகிற முட்டைகளைத்தான் ஊசி காப்பாற்றுகிறது.

பொதுவாக மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும். வயிற்றுத் தோலுக்கு அடியில், மெல்லிய ஊசியால், தினமும் ஒரே நேரத்தில், சுமார் பத்து நாள் போட வேண்டும். சில நாள் கழித்து, முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்க இன்னொரு ஊசி சேரும். இடையில் சில முறை ஸ்கேன். முன்னணிப் பைகள் 18 மில்லிமீட்டர் அளவை நெருங்கியதும் கடைசி ஊசி. இது முட்டையை முதிர வைப்பது.

இந்தக் கடைசி ஊசியில் நேரம்தான் எல்லாம். புதன் காலை 9 மணிக்கு முட்டை எடுப்பதாக இருந்தால், திங்கள் இரவு 9 மணிக்கு ஊசி போடச் சொல்வார்கள். சரியாக 36 மணி நேரம். மாமாவுக்கு இரவு ஷிப்ட் என்றால், அன்று யார் போட்டுவிடுவது என்று முன்பே பேசிவிடுங்கள். தாமதமாகிவிட்டால் மறைக்க வேண்டாம், உடனே கிளினிக்கைக் கூப்பிடுங்கள். நேரத்தை மாற்ற அவர்களால் முடியலாம். தினசரி ஊசி ஒன்று தவறினாலும் அப்படியே. நீங்களாக மறுநாள் இரண்டு மடங்கு போடக்கூடாது.

மருந்து வைக்கும் இடமும் முக்கியம். பல ஊசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரியில், ஐஸ் பெட்டியின் கீழ்ப் பகுதியில் வைக்க வேண்டும். உறையவும் கூடாது. கோலாலம்பூரிலிருந்து மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தால் வெயிலில் மருந்து கெட்டுப்போகலாம். குளிர்ப் பை கேளுங்கள். ஐஸ் கட்டி மருந்தை நேராகத் தொடாமல் துணி சுற்றுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

வயிறு லேசாக உப்புவது சகஜம். ஆனால் வயிறு இறுகி, ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறி, சிறுநீர் குறைந்து, வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கலாம். கடுமையாவது அரிது, ஆனால் ஆபத்து. முட்டை எடுத்து முடிந்த பிறகும் இது வரலாம். விடியட்டும் என்று தோட்டத்து வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஊசி போட்ட விவரத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து முட்டை என்றால் பத்துக் குழந்தையா?

இல்லை. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறையும். பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்திருக்கலாம், ஆறு கருவுறலாம், ஐந்து நாள் ஆய்வகத்தில் வளர்ந்தபின் இரண்டோ மூன்றோ மிஞ்சலாம். அதில் ஒன்றைக் கருப்பையில் வைத்து, மற்றதை உறைய வைப்பார்கள். ஆய்வகத்திலிருந்து ஒவ்வொரு போன் வரும்போதும் எண் சிறிதாகும். இதை முன்பே சொல்லி வைத்தால், "ஆறு இருந்துச்சே, எங்க போச்சு?" என்று அக்கா உடைந்து போகமாட்டார்.

'50% வெற்றி' என்றால்?

இங்கேதான் கவனம் தேவை. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 100 பெண்கள் ஊசி தொடங்குகிறார்கள். 80 பேருக்குக் கரு வைக்கப்படுகிறது. 40 பேருக்குக் கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ். சிலருக்கு கரு கலைந்து, 28 பேருக்குக் குழந்தை பிறக்கிறது.

80-இல் 40 என்று எண்ணினால் வெற்றி 50%. 80-இல் 28 என்றால் 35%. ஊசி தொடங்கிய 100-இல் 28 என்றால் 28%. மூன்றுமே பொய் இல்லை. ஆனால் சேமநிதிப் பணத்தை எடுக்க நினைக்கும் அக்காவுக்குத் தேவையானது கடைசி எண்தான்.

வயதும் சேர்ந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். பிரிட்டனில் ஐ.வி.எஃப்-ஐக் கண்காணிக்கும் அரசு அமைப்பு வெளியிடும் கணக்கில், சொந்த முட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழ் சுமார் மூன்றில் ஒன்று. 40-42 வயதில் பத்தில் ஒன்று, 43-44 வயதில் இருபதில் ஒன்று. 36 வயது அக்காவுக்கு ஏறக்குறைய நான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். உறைய வைத்த கரு இருந்தால், ஊசியை முதலிலிருந்து தொடங்காமலேயே அடுத்த முயற்சி செய்யலாம்.

அதனால் கிளினிக்கில் இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்: "எங்க அக்கா வயசுல, ஊசி தொடங்குன நூறு பேர்ல எத்தனை பேர் குழந்தையோட வீட்டுக்குப் போனாங்க?" சேமநிதி வாரியத்தின் மருத்துவ மீட்பில் கருத்தரிப்புச் சிகிச்சையும் அடங்கும். எடுக்கும் முன், அந்தப் பணம் ஒரு முயற்சிக்கா, இரண்டுக்கா என்று இருவரும் பேசி முடிவு செய்யட்டும்.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். "நடக்கும்" என்று ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள், "நடக்காது" என்றும் சொல்லாதீர்கள். "உன் வயசுல ஒரு தடவை கரு வெச்சா நாலு பேர்ல ஒருத்தருக்கு நடக்குது. மீதி மூணு பேரும் எந்தத் தப்பும் பண்ணலக்கா" என்று சொல்லுங்கள்.