ஓலைச்சுவடியும் ஆறாம் வகுப்புப் பாடநூலும்

ஓலைச்சுவடியில் ‘கெர’ என்னும் வடிவம் வருவதாகக் கொள்வோம். அதனைக் கெர, கேர, கொ, கோ என்று பலவாறு படிக்க இயலும். சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகார வேறுபாடு காட்டப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் இவ்விடர்ப்பாட்டைக் கடந்தது கண்ணின் கூர்மையால் மட்டும் அன்று. யாப்பறிவும் மனப்பாடமாக இருந்த நூல்களும், இவ்விடத்தில் எவ்வெழுத்து நிற்கும் என்பதை அவர்களுக்கு உணர்த்தின. பொருளறிவே எழுத்தறிவுக்குத் துணை நின்றது.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எகர ஒகரச் சீர்திருத்தமும், பின்னர் அச்சு நிலைபெறச் செய்த புள்ளியும் சொல்லிடைவெளியும் இந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தாளுக்கு மாற்றின. எனினும் எஞ்சிய சுமை ஒன்று உண்டு. அதனைத் தெளிவாக விளக்கியவர்கள் லாபெர்ஜ், சாமுவேல்ஸ் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் (1974). மனத்தின் கவனம் அளவுடையது. சொல்லை அடையாளம் காண்பதிலேயே அது செலவாகிவிட்டால் பொருளுக்கு மிஞ்சுவது சிறிதே. பயிற்சியால் சொல்லறிதல் தானியங்கும் நிலையை எட்டும்போதுதான் கவனம் விடுதலை பெறுகிறது.

தமிழில் இது எங்கே இடறுகிறது? ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் ‘அமர்ந்திருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வரக்கூடும். எழுத்தெழுத்தாகப் படிக்கும் மாணவனுக்கு இது பதினேழு எழுத்து. தேர்ந்த வாசகனுக்கோ அமர்ந்து, இருந்தவர்களுக்கு, எல்லாம் என மூன்றே கூறு. முன்னவன் ‘லாம்’ என்று முடிக்கும்போது தொடரின் எழுவாய் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்பதால், அதுவரை அனைத்தையும் தாங்கியிருக்கவும் வேண்டும். பிழையின்றிப் படித்தவன் கேள்விக்கு விடை கூறாமல் நிற்பதன் காரணங்களுள் இது ஒன்று. ‘படிக்கத் தெரிகிறது, கவனம்தான் இல்லை’ என்னும் ஆசிரியர் கூற்று பாதி உண்மை: கவனம் இருக்கிறது, அது எழுத்துகளில் செலவாகிறது.

தொடக்கப்பள்ளியோடு இப்பணி முடிந்துவிடும் என்று கருதுவதற்கும் இடமில்லை. சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு (2007), எழுத்துத் தொகுதி பெரிதாயிருப்பதால் அதனைக் கற்பது நான்காம் வகுப்புவரை நீள்வதைக் காட்டியது. 247 எழுத்துடைய தமிழுக்கும் இதனை ஓரளவு பொருத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து. தமிழில் கூட்டெழுத்து அருகியே வருவதால் முழுமையாகப் பொருந்தாது.

தடை எங்குள்ளது என்று அறிய எளிய வழியுண்டு. ஒரு பத்தியை மாணவனே படித்து விடையளிக்கட்டும். அதே கடினமுள்ள மற்றொரு பத்தியை நாம் படித்துக் காட்டி வினவுவோம். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை எனில் தடை சொல்லறிதலில் உள்ளது. அவனுக்குச் சிறு பகுதியொன்றை வழிகாட்டுதலுடன் மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்யும் சாமுவேல்சின் முறை (1979) உதவக்கூடும். கேட்டாலும் புரியவில்லை எனில், வேகப் பயிற்சி மட்டும் போதாது. அவனுக்கு அந்நியமாக இருப்பது பாடநூலின் செந்தமிழாகவும் இருக்கலாம்.