வளையியின் கீழ் அச்சில் யார் நிற்கிறார்கள்?

ஏஎல்லில் பொருளியல் படித்த ஆக்களுக்கு லொறன்ஸ் வளையி புதுசில்லை. ஒரு சதுரம், மூலைவிட்டமாக ஒரு நேர்கோடு, அதற்குக் கீழே வில்லைப்போலத் தொய்ந்த ஒரு வளையி. பரீட்சையில் கீறிக் காட்டினோம், புள்ளி கிடைத்தது, மறந்துவிட்டோம். ஆனால் அந்த வளையியை வைத்து எங்கள் நாட்டின் கதையையே வாசிக்கலாம்.

1905இல் மக்ஸ் லொறன்ஸ் என்ற அமெரிக்கர் இதை முன்வைத்தார். முறை எளிது. வீடுகள் எல்லாவற்றையும் ஆகக் குறைந்த வருமானத்திலிருந்து ஆகக் கூடியது வரை வரிசையில் நிறுத்த வேண்டும். கீழ் அச்சில் வீடுகளின் வீதம், நிலை அச்சில் அந்த வீடுகள் சேர்ந்து பெறும் வருமானத்தின் வீதம். எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் வளையி நேர்கோடாகிவிடும். எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவு ஏற்றத்தாழ்வு. சில வருசங்களில் இத்தாலியரான கொராடோ கினி அந்தத் தொய்வை ஒரே எண்ணாக்கினார். நேர்கோட்டுக்கும் வளையிக்கும் இடைப்பட்ட பரப்பை, நேர்கோட்டுக்குக் கீழுள்ள முழுப் பரப்பால் பிரிப்பதுதான் கினிக் குணகம். 0 என்றால் முழுச் சமத்துவம், 1 என்றால் எல்லாமே ஒருவரிடம். சமத்துவமின்மையை அளக்கத் தந்த இதே மனிதர் 1927இல் பாசிசத்துக்கு விஞ்ஞான அடிப்படை இருக்கிறதென்று கட்டுரை எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேணும். எண் யார் பக்கமும் நிற்பதில்லை, வாசிக்கிறவர்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, ஒருக்கால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி, அடிமட்ட 20 வீத வீடுகளுக்குக் கிடைத்தது மொத்த வருமானத்தில் 4.8 வீதம். நடு 60 வீதத்துக்கு 44.4, மேல் 20 வீதத்துக்கு 50.8. ஆகவே வளையி 20இல் 4.8ஐயும், 80இல் 49.2ஐயும், 100இல் 100ஐயும் தொடுகிறது. அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து, கீழுள்ள துண்டுகளின் பரப்பைக் கூட்டினால் 0.316 வருகிறது. அதை இரண்டால் பெருக்கி 1இலிருந்து கழித்தால் கினி கிட்டத்தட்ட 0.37.

ஆனால் திணைக்களம் சொன்னது 0.45. எங்கள் கணக்குப் பிழையா? இல்லை. நாங்கள் மேல் 20 வீதத்துக்குள் எல்லாரும் சமம் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு அதிபரின் வீடும் ஒரு கப்பல் கொம்பனி முதலாளியின் வீடும் அந்த ஒரே கூட்டத்துக்குள்தான் நிற்கின்றன. கூட்டங்களைப் பெரிதாக வெட்டினால் உள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வு மறைந்துபோகும், கினி எப்போதும் குறைவாகத்தான் வரும். ஆகவே ஒரு கினியைக் கண்டால் முதல் கேள்வி: எத்தனை துண்டாக வெட்டினார்கள்?

இரண்டாவது கேள்வி இன்னும் பெரிது: கீழ் அச்சில் யார் நிற்கிறார்கள்? 1990/91, 1995/96, 2002 ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. போர். அந்த வருசங்களின் 'இலங்கை வளையி' என்பது ஏழு மாகாணங்களின் வளையி. 2009/10இலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 25 மாவட்டங்களும் முதன்முதலாகச் சேர்ந்தது 2012/13இல்தான்.

அப்போது என்ன நடந்தது? 2009/10இல் 0.49 ஆக இருந்த வருமானக் கினி, 2012/13இல் 0.48. நாட்டிலேயே வறுமை ஆகக் கூடிய மாவட்டமாக முல்லைத்தீவு அதே ஆய்வில் பதிவானது. நாடு முழுவதும் 6.7 வீதம் பேர் வறியவர்கள் என்றால், அங்கே 28.8 வீதம். அப்படி ஒரு மாவட்டம் உள்ளே வந்தும் எண் ஏறவில்லை. காரணம் சனத்தொகை. இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழ்ந்த நாட்டில் முல்லைத்தீவில் அப்போது ஒரு லட்சம் பேர்கூட இருக்கவில்லை. வரிசையின் அடியில் அவ்வளவு சிறிய கூட்டம் வந்து நின்றாலும் வளையி கண்ணுக்குத் தெரிய அசையாது. வரிசையில் வருமானம் மட்டுந்தான் பார்க்கப்படும், ஊர் பார்க்கப்படாது. மொனராகலையின் ஏழை வீடும் முல்லைத்தீவின் ஏழை வீடும் வளையிக்கு ஒன்றுதான்.

அதனால் 0.49, 0.48 என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது" என்று யாரும் சொன்னால் நாங்கள் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே ஆக்களின் வளையி அல்ல. தேசிய கினி அசையவில்லை என்பதற்காக ஒரு மாவட்டத்தின் இல்லாமை சின்னது என்றும் ஆகாது. அதைப் பார்க்க மாவட்ட அட்டவணையைத்தான் திறக்க வேணும். வளையியின் தொய்வைப் பார்க்கும் முன், அதன் கீழ் அச்சில் எங்கள் ஊர் நிற்கிறதா என்று பார்ப்போம்.